அழுத்தத்தை விட்டுவிடுங்கள், அளவைத் திருத்துங்கள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரப் பள்ளிகளில் வெளிமாநிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு,



பனியன் கம்பெனி வேலைக்காக பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி அவர்களும் தமிழை ஒரு பாடமாகப் படித்தாக வேண்டும். எழுத்துக் கூட்டப் பலர் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். ஆனால் வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் அந்த வாசிப்பு நம் காதில் ஒட்டுவதில்லை. “ஒவ்வொரு வரியையும் கடைசியில போட்டு அடிக்கிறான் சார்”, “பாட்டு மாதிரி இழுக்கிறா” என்று உங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சில வகுப்புகளில் மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சில இடங்களில் வாசிப்புக்கான மதிப்பெண்ணே குறைகிறது. மொழியியல் படித்தவன் என்ற முறையில் இதைப் பற்றி உங்களிடம் விரிவாகப் பேச வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளைகள் தாறுமாறாக அடிக்கவில்லை. தங்கள் வீட்டு மொழியின் கணக்குப்படி, மிகச் சரியான இடத்தில் அடிக்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த மாத்திரையிலிருந்தே அந்தக் கணக்கைத் தொடங்கலாம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் சொல்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தையும் கைநொடிக்கும் நேரத்தையும் அளவாகக் காட்டுகிறது. இன்றைய மொழியியலில் மோரா என்று ஒன்று உண்டு. அது மாத்திரைக்கு நெருங்கிய உறவு, ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. மாத்திரை எழுத்துக்கு எழுத்து ஒலிக்கும் நேரத்தைச் சொல்கிறது. மோரா, ஒரே மூச்சில் வரும் ஒலிக்கூட்டத்தின் எடையைச் சொல்கிறது. அந்த ஒலிக்கூட்டத்தை இங்கே ஒலியசை என்கிறேன். யாப்பில் வரும் அசையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதற்குப் பின்னால் வருகிறேன். ஒலியசையின் எடையில் உயிரும் அதற்குப் பின் வரும் மெய்யும் சேரும். உயிருக்கு முன்னால் நிற்கும் மெய் சேராது. ‘அ’வுக்கும் ‘க’வுக்கும் எடை ஒன்றுதான். ‘கா’வுக்கு இரண்டு. ‘கல்’லுக்கு எத்தனை என்பதில்தான் மொழிகள் பிரிகின்றன. அங்கே நிற்கும் ல் ஒரு முழு மோராவாகச் சில மொழிகளில் எண்ணப்படும், வேறு சிலவற்றில் எண்ணப்படாது.

இந்தி அதை எண்ணும் மொழி. 1968இல் அசோக் கேல்கர் இந்தி-உருதுவின் ஒலியமைப்பைப் பற்றி எழுதிய நூலில் காட்டிய முறை இது. குறிலோடு முடியும் ஒலியசைக்கு எடை ஒன்று. நெடிலோடு முடிந்தாலும், குறிலுக்குப் பின் ஒரு மெய் வந்தாலும் இரண்டு. நெடிலுக்குப் பின்னும் மெய் வந்தால் மூன்று. ஒரு சொல்லில் எது மிகக் கனமோ அதன்மேல் அழுத்தம் விழும். ஒரே எடையில் இரண்டு மூன்று இருந்தால், சொல்லின் கடைசி ஒலியசையை விட்டுவிட்டு, மிச்சமிருப்பவற்றில் வலக்கோடியில் உள்ளதன்மேல் விழும்.

கம்பெனிக்குள் அன்றாடம் புழங்கும் இந்திச் சொற்களை வைத்தே இதைச் சோதிக்கலாம். ‘மஷீன்’ என்பதில் ம-வுக்கு ஒன்று, ஷீன்-க்கு மூன்று, அழுத்தம் ஷீன்மேல். ‘கமீஸ்’ அப்படியே, மீஸ்மேல். ‘மஜ்தூர்’ என்பதில் மஜ் இரண்டு, தூர் மூன்று, தூர்மேல். ‘தர்ஜீ’ என்பதில் இரண்டும் இரண்டிரண்டு. சமமாக இருப்பதால் கடைசி விலகிக்கொள்ள, தர்மேல் விழுகிறது. கைவினையைக் குறிக்கும் ‘காரீகரீ’யில் கா, ரீ, க, ரீ என்று நான்கு. முதலிரண்டும் கடைசியும் சம எடை. கடைசியை நீக்கினால் வலக்கோடியில் நிற்பது இரண்டாவதான ரீ, அழுத்தம் அங்கே. இந்த விதியை யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நடக்கப் பழகியபோதே வந்துவிட்டது.

இதே விதியோடு அவர்கள் தமிழுக்குள் வரும்போது என்ன நடக்கும் என்று காட்ட, மாவட்டத்துப் பேருந்துப் பலகைகளில் இருக்கும் ஊர்ப்பெயர்களே போதும். அதற்கு முன் தமிழின் விதியை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தமிழில் சொல்லழுத்தம் மெல்லியது. இருக்கும் அளவுக்கு அது முதல் ஒலியசையைச் சேர்ந்தது. பின்னால் வரும் குறில்கள் பேச்சில் மங்கிப்போனாலும் முதல் உயிர் தன் நிறத்தை விடாது. எலினார் கீன் தமிழ்ப் பேச்சை அளந்து எழுதிய ஆய்வுகளும் அந்தப் பக்கமே காட்டுகின்றன.

முதலில் ‘பல்லடம்’. பல் இரண்டு, ல ஒன்று, டம் இரண்டு. கடைசி விலக, இந்தி விதிப்படியும் அழுத்தம் பல்மேல்தான். ‘மங்கலம்’ அப்படியே. ‘காங்கேயம்’ என்பதில் காங் மூன்று, முதலிலேயே விழுகிறது. ‘ஊத்துக்குளி’யில் ஊத் மூன்று, அதுவும் முதலில். இந்த நான்கு ஊர்களின் பெயரையும் பிகார்ப் பிள்ளை நம் பிள்ளை போலவே சொல்வான். இப்போது ‘அவிநாசி’யைப் பாருங்கள். அ ஒன்று, வி ஒன்று, நா இரண்டு. அழுத்தம் நா-வுக்குப் போய்விடும். ‘தாராபுரம்’ என்பதில் தா-வும் ரா-வும் சமம். வலப்பக்கம் இருப்பது ரா. நாம் தா-வில் தொடங்குவதை அவன் ரா-வில் அழுத்துவான். ‘உடுமலை’யில் முதல் மூன்றும் ஒற்றை எடை, கனம் லை-யில் மட்டும் இருப்பதால் கடைசியில் போய் விழும். நம் ஊரின் பெயரே இதற்கு நல்ல சான்று. தி ஒன்று, ருப் இரண்டு, பூர் மூன்று. நமக்கு தி-யில் தொடங்கிச் சரியும் சொல், அவனுக்குப் பூர்-இல் ஏறி நிற்கும் சொல். ரயில் நிலையத்தில் இந்தி பேசுகிறவர்கள் இந்தப் பெயரைச் சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள்.

வரியின் கடைசியில் அடிக்கிறான் என்ற உங்கள் குறைக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடியும். வினைமுற்றில் அடிக்கடி வரும் விகுதிகளோ ஏன், ஆன், ஆள், ஆர். எல்லாம் நெடிலும் மெய்யும் சேர்ந்தவை. இந்திக் கணக்கில் மூன்று மோரா. ‘படிக்கிறேன்’ என்பதில் றேன், ‘வருகிறான்’ என்பதில் றான், ‘வந்தார்கள்’ என்பதில் தார். பாடப்புத்தக வாக்கியங்களில் பலவும் அந்தப் பிள்ளைக்கு முடிவில் ஒரு கனத்த ஒலியசையை நீட்டுகின்றன. அவன் காது அதை விடுவதில்லை. பேச்சுத் தமிழில் ‘வர்றேன்’ என்பதன் கடைசி ன் மூக்கொலியாகக் கரைந்துவிடுவதால், அதே பிள்ளை மைதானத்தில் பேசும்போது இந்த அடி அவ்வளவாகத் தெரியாது. எழுத்துத் தமிழை வாசிக்கும்போதுதான் உரக்கக் கேட்கும்.

கனத்த ஒலியசை ஏன் அழுத்தத்தை இழுக்கிறது? இந்தி மட்டும் இப்படி இல்லை. லத்தீனில் கடைசிக்கு முந்தைய ஒலியசை கனமாக இருந்தால் அழுத்தம் அதன்மேல், இல்லையென்றால் அதற்கும் முன்னால். அரபு மொழியின் பல வழக்குகளிலும் எடை பார்த்தே அழுத்தம் விழுகிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிகள் ஒரே பழக்கத்துக்கு வருகின்றன என்றால், காரணம் வாயிலும் காதிலும் இருக்க வேண்டும். அழுத்தம் என்று நாம் கேட்பது மூன்று வேலைகள் கலந்தது. ஒலி கொஞ்சம் நீளும், உரக்கும், சுருதி ஏறும் அல்லது இறங்கும். மூன்றுக்கும் இடம் வேண்டும். ஒற்றைக் குறிலுக்குள் சுருதியை ஏற்றி இறக்க நேரம் போதாது. அதை நீட்டினாலோ நெடிலாகிவிடும் ஆபத்து இருக்கிறது. நெடிலிலும், ன் ம் ல் ர் போன்ற ஒலிக்கும் மெய்யோடு முடிகிற ஒலியசையிலும் அந்த இடம் ஏற்கனவே இருக்கிறது.

மாத்யூ கோர்டன் என்ற மொழியியலாளர் ஏறக்குறைய நானூறு மொழிகளை ஒப்பிட்டு, சிலவற்றில் ஒலியை அளந்தும் பார்த்தார். ஒலியசையின் உயிர் தொடங்கும் இடத்திலிருந்து முடிவுவரை காதுக்குக் கிடைக்கும் மொத்த ஒலியாற்றல் எவ்வளவு என்பதே எடையைத் தீர்மானிப்பதில் முக்கியம் என்பது அவர் கண்டது. ‘கல்’ போன்ற ஒலியசையைக் கனமாக எண்ணும் மொழிகளில், உயிருக்குப் பின் வரும் மெய்களில் ஒலிப்புள்ளவை அதிகம். அப்படி எண்ணாத மொழிகளில் அடைப்பொலிகளின் பங்கு கூடுதல். ‘பக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப-வுக்குப் பின் வரும் க் உண்மையில் ஒரு மௌனம். நாக்கு அடைத்துக்கொண்டு நிற்கிறது, நேரம் போகிறது, காதுக்கு ஒன்றும் வருவதில்லை. தமிழில் சொல்லுக்கு நடுவே இப்படிப்பட்ட இரட்டை வல்லினம் மிக அதிகம். மெய்யடைத்த குறிலைத் தமிழ் அழுத்தத்துக்காக எண்ணாமல் விடுவதில் இதற்கும் பங்கு இருக்கலாம் என்பது என் எண்ணம்.

எண்ணாமல் விடுகிறது என்பதற்குச் சான்று ‘கணக்கு’. க ஒன்று, ணக் என்பதில் மெய் இருக்கிறது, ஆனாலும் தமிழ் வாயில் தொடக்கம் க-வில்தான். இந்திப் பிள்ளை ணக்-இல் அழுத்துவான். அதே இடத்தில் நெடில் வந்தால் நம் வாயும் மாறுகிறது. நிலா, விழா, பலா என்று சொல்லும்போது முதல் குறில் ஓடிப்போய் இரண்டாவதன்மேல் சாய்ந்துகொள்கிறது. முதல் ஒலியசை குறிலாகவும் இரண்டாவது நெடிலாகவும் இருந்தால் மட்டும் அழுத்தம் இரண்டாவதற்குப் போகும் என்று மலையாளத்துக்கு கே.பி. மோகனன் சொன்ன விதி தமிழுக்கும் பொருந்தும் என்று தமிழொலியியல் எழுதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆக நாமும் எடைக்கு முற்றிலும் செவிடானவர்கள் இல்லை. நெடிலை மட்டும் எடை என்று ஒப்புக்கொள்கிறோம், அதுவும் சொல்லின் வாசலில் மட்டும்.

இந்த இடத்தில் நம் யாப்பு எனக்கு வியப்பளிக்கிறது. நேரசை என்றால் குறிலோ நெடிலோ தனித்தோ மெய்யோடோ வருவது. நிரையசை என்றால் முதலில் ஒரு குறில், அதன்பின் இன்னொரு குறிலோ நெடிலோ. கூர்ந்து பாருங்கள்: சீரின் கடைசியைத் தவிர வேறெங்கும் வெறுங்குறில் ஒன்று தனியே நேரசையாக நிற்பதில்லை. மெய்யின் துணை இல்லாவிட்டால் அடுத்த எழுத்தோடு சேர்ந்து நிரையாகிவிடும். அதாவது லேசான ஒலியசை தனித்து நிற்கத் தகுதியற்றது என்று யாப்பிலக்கணம் வேறு சொற்களில் சொல்லிவிட்டது. நிலாவும் விழாவும் ஒரே நிரையசை என்பதும், அங்கேதான் அழுத்தம் இரண்டாவதற்கு நகர்கிறது என்பதும் எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

அழுத்தத்துக்காக மெய்யை எண்ணாத தமிழ், வேறொரு வேலைக்கு அதை எண்ணுகிறது. ‘நூல்’ என்பதோடு இல் சேர்ந்தால் நூலில். ‘கல்’ என்பதோடு சேர்ந்தால் கல்லில். தனிக்குறிலுக்குப் பின் வரும் ஒற்று உயிர் வந்தால் இரட்டும் என்று நாம் மனப்பாடமாகச் சொல்லித்தரும் விதி இது. எடையை வைத்துப் பார்த்தால் அதன் காரணம் விளங்கும். ஒற்று இரட்டாமல் ‘கலில்’ என்று வந்தால் ல் அடுத்த உயிரோடு போய்விடும். கல் என்ற சொல் இருந்த இடத்தில் ஒற்றைக் குறில்தான் மிஞ்சும். தமிழில் ஒரு முழுச்சொல்லுக்கு அவ்வளவு குறைந்த எடை போதாது. அதனால்தான் நன்னூல் எண்ணும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் நொ, து இரண்டைத் தவிர மற்ற 40-உம் நெடில். ல் இரட்டித்ததும் ஒன்று பின்னால் தங்குகிறது, எடை காப்பாற்றப்படுகிறது. ‘நூல்’ என்பதில் நெடிலே அந்த எடையைத் தாங்குவதால் இரட்டிக்க வேண்டியதில்லை. ‘பகல்’ என்பதில் இரண்டு குறில் இருப்பதால் பகலில் போதும். ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களிலும் கம்பெனிக்குள் இதே விதி இன்றும் ஓடுகிறது: ‘மில்லில்’, ‘பில்லில்’ என்கிறோம், ‘லைனில்’, ‘ரோலில்’ என்று மட்டுமே சொல்கிறோம். யாரும் ‘லைன்னில்’ என்பதில்லை.

இவ்வளவும் எதற்கு என்றால், தமிழுக்கு உயிர்நாடி அழுத்தம் விழும் இடம் அல்ல, குறில் நெடில் அளவு என்று காட்டத்தான். அழுத்தம் மாறியதால் பொருள் மாறும் சொல்லிணை தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. அளவு மாறினால் சொல்லே வேறு. விடு, வீடு, முடி, மூடி, குடை, கூடை. இந்தப் பக்கம்தான் பிள்ளைகளுக்கு உண்மையான இடர் இருக்கிறது. நம் காது அழுத்தத்தில் மாட்டிக்கொள்வதால் அதைக் கவனிக்கத் தவறுகிறோம்.

இந்தி பேசும் பிள்ளைக்கு அ ஆ, இ ஈ, உ ஊ இவற்றின் வேறுபாடு வீட்டிலேயே உண்டு. எ, ஒ என்ற குறில்கள் அவன் மொழியில் தனி எழுத்தாக இல்லை. ஏ-யும் ஓ-வும் மட்டுமே. எனவே ‘எடு’ என்பதை ‘ஏடு’ என்றும், ‘கொடு’ என்பதை ‘கோடு’ என்றும், ‘தொகை’ என்பதைத் ‘தோகை’ என்றும் வாசிப்பான். ஒரு மோரா கூடிவிட்டது. அந்தக் கூடுதல் எடை அழுத்தத்தையும் தன்பக்கம் இழுக்கும். ‘தொகை’யில் கனமாக இருந்தது கை மட்டுமே, ‘தோகை’ ஆனதும் அழுத்தம் முன்னால் வந்துவிடும். அழுத்தம் முதலில் விழுவதால் நம் காதுக்கு அது நல்ல தமிழ் போலவே கேட்கும், திருத்தாமல் கடந்துவிடுவோம். பிழையோ அங்கேதான் இருக்கிறது.

ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்த பிள்ளைகளின் நிலை இன்னும் வேறு. ஒடியாவிலும் வங்காளத்திலும் இ ஈ, உ ஊ என்று எழுத்தில் இரண்டு இருந்தாலும், ஒலியில் நீளம் பொருளைப் பிரிப்பதில்லை. வங்காளத்தில் அழுத்தமும் நம்மைப் போல் சொல்லின் முதலில் விழும். எனவே வங்காளக் குழந்தை தமிழ் வாசித்தால் ஓசை இனிமையாக, நம்மூர்க் குழந்தை போலவே இருக்கும். ‘விடு’வும் ‘வீடு’ம் மட்டும் ஒன்றாகிவிடும். பிகார்ப் பிள்ளையைத் திருத்தி, வங்காளப் பிள்ளையைப் பாராட்டி அனுப்பினால் இரண்டும் தலைகீழாகிவிடும்.

எது எந்தச் சிக்கல் என்று பிரித்துப் பார்க்க இரண்டு சிறு பட்டியல்கள் போதும். முதலாவது மேலே சொன்ன ஊர்ப்பெயர்கள். பல்லடமும் மங்கலமும் நம்மைப்போல் வந்து, அவிநாசியும் தாராபுரமும் மட்டும் நகர்ந்தால், அந்தப் பிள்ளை எடை பார்த்து அழுத்துகிறான். அது பிழை இல்லை, குறித்துக்கொண்டால் போதும். இரண்டாவது விடு-வீடு, முடி-மூடி, கொடு-கோடு, எடு-ஏடு போன்ற இணைகள். அவற்றைக் கலைத்து எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். பலகையைப் பார்க்காமல் கேட்கும் இன்னொரு பிள்ளை, எந்தச் சொல் என்று சரியாகக் கைகாட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாத இணை எதுவோ அங்கே வேலை இருக்கிறது. வீட்டு மொழி எது என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. பிகார்ப் பிள்ளை என்றால் வீட்டில் இந்திதான் என்று இல்லை; போஜ்புரியோ மைதிலியோ இருக்கலாம். கேல்கரின் விதியும் இந்திக்கான விவரணைகளில் ஒன்று. நீண்ட சொற்களில் மற்ற ஆய்வாளர்கள் அவரோடு வேறுபடுகிறார்கள், பேசுகிறவர்களும் வேறுபடுகிறார்கள். அதனால் விதியை நம்புவதைவிடப் பிள்ளையின் வாயைக் கேட்பதே மேல்.

திருத்தும்போது “அழுத்தாதே” என்று சொல்ல வேண்டாம். அழுத்தத்தை நீக்கச் சொன்னால் பிள்ளை அந்த ஒலியசையைச் சுருக்குவான். றேன் ‘றென்’ ஆகும், பூர் ‘புர்’ ஆகும். சரியாக இருந்த நெடிலும் போய்விடும். அதற்குப் பதில் கைநொடியைப் பிடியுங்கள். குறிலுக்கு ஒரு நொடி, நெடிலுக்கு இரண்டு. கொடு என்றால் ஒன்று, ஒன்று. கோடு என்றால் இரண்டு, ஒன்று. நொடியைத் தாண்டி எ-யும் ஒ-வும் ஓடினால் உடனே அவர்களுக்கே தெரியும். இரட்டை வல்லினத்துக்கு அந்த மௌனத்தில் ஒரு கணம் நிற்கச் சொல்லுங்கள். ‘பக்கம்’ ‘பகம்’ ஆகாமல் இருக்கும். அளவு நிலைத்தபின், தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடிப் பேசப் பேச அழுத்தம் தானே நகரலாம்; நகராமலும் போகலாம். எப்படியானாலும் பொருளுக்குக் குறைவில்லை.

எனவே என் வேண்டுகோள் இதுதான். இந்தப் பருவத்து வாசிப்புத் தேர்வில், வரியின் கடைசியில் அடித்து வாசிக்கும் பிள்ளைக்கு அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். குறிலை நெடிலாக்கியதற்கு மட்டும் குறையுங்கள். எந்தச் சொல்லில் என்று அவனுக்கு எழுதியும் கொடுங்கள். வகுப்பு சிரித்தால், அவன் எங்கே அழுத்துகிறான், ஏன் என்று பல்லடத்தையும் அவிநாசியையும் பலகையில் எழுதி மற்ற பிள்ளைகளுக்கு விளக்குங்கள். மாத்திரை படித்த பிள்ளைகளுக்கு அது புரியும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்